ஐந்து குர்தாக்களில் ஓர் ஆண்டு: அலுவலகம், திருவிழா, குடும்ப விசேஷங்களுக்கான நிறத் தேர்வு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலமாரியில் ஐந்து குர்தாவுக்கு மேல் வைக்க இடமும் இல்லை, வாங்கப் பணமும் இல்லை. எந்தெந்த நிறத்தில் வாங்குவது?

பூவேலை எதுவும் இல்லாத பளிச்சென்ற வெள்ளை ஒன்று, சிறு அச்சுப் பூக்கள் போட்ட கருநீலம் ஒன்று, அடங்கிய பாசிப்பச்சை ஒன்று, பட்டும் பருத்தியும் கலந்த சந்தன நிறம் ஒன்று, அரக்கு ஒன்று. ராமநாதபுரம் கரையோரத்தில் வேலை பார்த்து, உறவு முறையிலும் குறை வைக்காமல் நடந்துகொள்ள விரும்பும் ஒருவருக்கு இந்த ஐந்தும் போதும்.

குர்தாவைத் தனியாக வைத்து நிறம் பார்ப்பதே பலரும் செய்கிற காரியம். நிறத்தை உண்மையில் தீர்மானிப்பது இடுப்புக்குக் கீழே உடுத்துவதுதான். நம் வீடுகளில் பெரும்பாலும் ஒரு வெள்ளைப் பருத்தி வேட்டி, கல்யாணத்தில் எடுத்த ஒரு பட்டு வேட்டி, இரண்டு மூன்று பேண்ட்கள் இருக்கும். மேற்சொன்ன ஐந்தில் வெள்ளை, கருநீலம், பாசிப்பச்சை ஆகிய மூன்றும் சாம்பல் நிறப் பேண்ட்டோடும் பிஸ்கட் நிறப் பேண்ட்டோடும் அலுவலகத்துக்குப் போகும். வெள்ளையும் பாசிப்பச்சையும் பருத்தி வேட்டிக்கும் பொருந்தும். சந்தன நிறம் பட்டு வேட்டிக்கென்றே இருப்பது. அரக்கு எல்லாவற்றோடும் போகும் என்றாலும், பகல் வெயிலில் கண்ணை உறுத்தும் என்பதால் அதை மாலை நேரத்துக்கு ஒதுக்குவது என் வழக்கம்.

பேருந்தில் வந்து இறங்குவதற்குள் முதுகும் அக்குளும் நனைந்து திட்டுத்திட்டாகத் தெரிகிறது. வியர்வை தெரியாத நிறம் எது?

வெள்ளையும் அல்லாமல் அடர்ந்ததும் அல்லாமல் நடுவில் நிற்கும் நிறங்களே வியர்வையை அதிகம் காட்டிக்கொடுக்கின்றன. வான நீலம், வெளிர் சாம்பல், இளஞ்சிவப்பு, வெங்காயச் சருகு நிறம் ஆகியவை இதில் முன்னணியில் நிற்பவை. உலர்ந்த துணியில் நூலிழைகளுக்கு இடையே காற்று இருப்பதால், அதன்மேல் படும் ஒளி நாலாபக்கமும் சிதறி நம் கண்ணுக்குத் துணி வெளிறித் தெரிகிறது. அந்த இடைவெளியில் நீர் நிரம்பியதும் சிதறல் குறைந்து, அதே இடம் கருத்துத் தெரிகிறது. ஏற்கெனவே அடர்ந்திருக்கும் கருநீலத்தில் இன்னும் கருக்க இடம் அதிகம் இல்லை. வெள்ளையோ கருப்பதைவிடக் கண்ணாடிபோல் உள்ளே இருப்பதைக் காட்டுகிறது. ஆகவே வெள்ளைக் குர்தாவுக்குள் கையில்லாத பனியன் அணியாமல், அரைக்கை உள்ள மெல்லிய பனியன் அணிந்தால் அக்குள் ஈரம் வெளியே வர நேரமாகும், வந்தாலும் பெரிதாகத் தெரியாது.

பாசிப்பச்சையும் நடுத்தர நிறம்தானே என்று கேட்கலாம். உண்மைதான். அதனால்தான் அதைக் குறுக்குநூல் ஒரு நிறமும் நெடுக்குநூல் ஒரு நிறமுமாக நெய்த துணியிலோ, மெல்லிய கோடு ஓடும் துணியிலோ எடுக்கச் சொல்கிறேன். ஒரே சீரான பரப்பில்தான் ஈரத்தின் விளிம்பு துலக்கமாகத் தெரியும். கோடும் அச்சும் அந்த விளிம்பைக் கலைத்துவிடுகின்றன. கருநீலத்தில் சிறு அச்சுப் பூ கேட்பதற்கும் அதுவே காரணம்.

கடையிலேயே இதைச் சோதிக்க வழி உண்டு. கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, குர்தாவின் கீழ்மடிப்பின் உட்புறத்தில் நனைந்த விரல் நுனியை ஒருமுறை ஒற்றி எடுங்கள். அந்தப் புள்ளி வெளிப்பக்கத்தில் எவ்வளவு கருத்துத் தெரிகிறதோ, அவ்வளவுதான் சித்திரை மாதத்தில் உங்கள் முதுகும் தெரியும்.

கருநீலக் குர்தாவில் ஈரம் தெரியவில்லை. ஆனால் காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுகிறது. இது துணியின் குறையா?

துணியின் குறை அன்று. வியர்வையின் நீர் ஆவியாகிப் போக, அதிலிருந்த உப்பு ஈரம் பரவி நின்ற எல்லையில் தங்கிவிடுகிறது. அடர்ந்த நிறத்தின்மேல் அது கோடாகத் தெரிகிறது. அன்றாடம் சோப்புப் போட்டுத் துவைத்தால் நிறம் சீக்கிரம் மங்கும். வீடு திரும்பியதும் வெறும் தண்ணீரில் அலசி நிழலில் போட்டாலே உப்பு கரைந்து போய்விடும். சோப்பு ஒன்றுவிட்டு ஒருமுறை போதும்.

அலசும் தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நம் பகுதியில் பல வீடுகளில் ஆழ்குழாயில் வருவது உப்புத் தண்ணீர். அந்த நீரில் கட்டிச் சோப்பு நுரைப்பதற்குப் பதிலாகத் திரிந்து, சாம்பல் நிறப் படிவாகத் துணியில் ஒட்டிக்கொள்ளும். வெள்ளை பழுப்பேறுவதற்கும் அடர்ந்த நிறம் நரைத்தாற்போல் ஆவதற்கும் அந்தப் படிவு ஒரு பெரிய காரணம். சோப்புக்கட்டியை விட்டுச் சலவைத்தூளுக்கு மாறுங்கள். கடைசி அலசலுக்கு மட்டுமாவது, காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் நாளில் பிடித்து வைத்த நல்ல தண்ணீரில் ஒரு வாளி ஒதுக்குங்கள். குடிக்கிற தண்ணீரைத் துணிக்கு ஊற்றுவதா என்று வீட்டில் முணுமுணுப்பு எழும். கருநீலத்துக்கும் அரக்குக்கும் மட்டும் என்று சமாதானம் சொல்லிவிடலாம்.

வெள்ளை வேட்டிக்குச் சந்தன நிறக் குர்தா போட்டால் ஏனோ குர்தா அழுக்காக இருப்பதுபோல் தெரிகிறது. ஏன்?

கடையில் விற்கும் பருத்தி வேட்டி வெளுக்கப்பட்டது. அதோடு சலவைத்தூளில் இருக்கும் வெண்மையூட்டிகளும் நாம் போடும் சொட்டு நீலமும் சேர்ந்து அதற்கு ஒரு நீலம் பாய்ந்த வெண்மையைக் கொடுக்கின்றன. மஞ்சள் சாயல் கொண்ட சந்தன நிறமோ தந்த நிறமோ அதன் பக்கத்தில் வந்தால், துவைக்காத வெள்ளையாகவே கண்ணுக்குப் படும். அதே குர்தாவைப் பட்டு வேட்டியோடு உடுத்திப் பாருங்கள். பட்டின் இயல்பான நிறமும் ஜரிகையும் அதே மஞ்சள் சாயலில் இருப்பதால் இரண்டும் ஒன்றையொன்று தூக்கிக் கொடுக்கும்.

ஆகவே வெளுத்த வெள்ளைக்கு வெளுத்த வெள்ளை அல்லது தெளிவான நிறம். பட்டு வேட்டிக்குச் சந்தனம், தந்தம், அரக்கு. பளிச்சென்ற வெள்ளைக் குர்தாவைப் பட்டு வேட்டியோடு போட்டால் அந்த ஏமாற்றம் தலைகீழாக நடக்கும்: இரண்டாயிரம் மூவாயிரம் கொடுத்து எடுத்த வேட்டி பழையதாகத் தெரியும். சந்தனக் குர்தாவை வெள்ளைத் துணிகள் ஊறும் வாளியில் போடக் கூடாது என்பதையும் இதோடு சேர்த்து நினைவில் வையுங்கள். சொட்டு நீலம் ஏறினால் அது சந்தனமாகவும் இருக்காது, வெள்ளையாகவும் இருக்காது.

இந்த ஐந்து ஒரு வருடத்துக்கு உண்மையிலேயே போதுமா? ஒருவரை வைத்துச் சொல்லுங்கள்.

உச்சிப்புளியில் குடியிருந்து, ராமநாதபுரத்தில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு பார்க்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அலுவலகத்தில் சட்டைதான் வழக்கம். வாரத்தில் இரண்டு நாள் குர்தா அணிய யாரும் தடை சொல்வதில்லை. திங்கட்கிழமை கருநீலம், வெள்ளிக்கிழமை வெள்ளை அல்லது பாசிப்பச்சை என்று மாற்றி மாற்றி அணிந்தால், துவைத்து, காய்ந்து, தேய்த்து வர ஒவ்வொன்றுக்கும் நாள் கிடைக்கிறது.

தை மாதம் பொங்கல். வெள்ளை வேட்டி, பாசிப்பச்சைக் குர்தா. அடுப்படியில் நின்று பானை பொங்குவதைப் பார்க்க வேண்டிய நாளில் வெள்ளைக் குர்தா கரிக்கும் புகைக்கும் அஞ்சியே நிற்க வைக்கும். பச்சைக்கு அந்தக் கவலை இல்லை.

வைகாசியில் சித்தப்பா மகன் கல்யாணம். முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் விடியற்காலை முகூர்த்தம். மாலைக்கு அரக்குக் குர்தாவும் பிஸ்கட் நிறப் பேண்ட்டும். காலைக்குச் சந்தனக் குர்தாவும் பட்டு வேட்டியும். வரிசையை மாற்ற வேண்டாம். மண்டபத்தின் மஞ்சள் விளக்கொளியில் அரக்கு நிறம் செழித்துத் தெரியும். சந்தனமோ அந்த ஒளியில் கரைந்து, புகைப்படத்தில் வெறும் வெளிறிய துணியாக விழும். விடிகாலையில் வாசலில் நின்று வருகிறவர்களைக் கைகூப்பி அழைக்கும்போது கதை மாறிவிடுகிறது.

ஆவணியில் அக்கா மகளுக்கு மொட்டையும் காதுகுத்தும். நம்மவர் தாய்மாமன், குழந்தை அவர் மடியில்தான் உட்காரப் போகிறது, எல்லாப் படத்திலும் அவர் இருக்கப் போகிறார். இங்கே அரக்குக் குர்தா அணிந்தால் நேரும் சங்கடம் யாருக்கும் முன்கூட்டித் தோன்றுவதில்லை. மழித்த தலையில் பூசிய சந்தனம், அழுது புரளும் குழந்தையோடு சேர்ந்து மாமன் நெஞ்சில் ஒட்டி, காய்ந்ததும் அரக்கின்மேல் வெளிறிய திட்டாக நிற்கும். சந்தன நிறக் குர்தாவிலோ அது பட்ட சுவடே தெரியாது. சீர்த்தட்டோடு நடந்து வரும்போது தாய்மாமனுக்குரிய மதிப்பும் பட்டு வேட்டியில் இருக்கிறது. ஆக இந்த நாளுக்குச் சந்தனம்தான்.

கீழக்கரையில் உடன் வேலை பார்க்கும் நண்பர் வீட்டு நிக்காஹ். வெள்ளைக் குர்தா, சாம்பல் பேண்ட். அங்கே வருகிறவர்களில் பலர் வெள்ளையில் இருப்பார்கள். சபையோடு சேர்ந்து அமர்வது விருந்தினருக்கு அழகு. ரமலான் அழைப்புக்கும் அதே உடை போதும்.

ஐப்பசியில் தீபாவளி. வடகிழக்குப் பருவமழை தொடங்கியிருக்கும் காலம் அது. தெருவில் சேறும் பட்டாசுக் கரியும் சேர்ந்தே இருக்கும். புதுத்துணி எடுப்பதாக இருந்தால், ஐந்தில் தேய்ந்துபோன ஒன்றுக்கு மாற்றாக எடுப்பது நல்லது, பெரும்பாலும் அது கருநீலமாக இருக்கும். மார்கழியில் உத்திரகோசமங்கை ஆருத்ரா தரிசனம். மரகத நடராசரின் சந்தனக் காப்பு களையும் சமயம் என்பதால் வரிசையில் நெடுநேரம் நிற்க வேண்டிவரும். தரையில் உட்கார்ந்து எழுந்தாலும் மண் தெரியாத பாசிப்பச்சை அதற்குத் தோதானது.

கருப்புக் குர்தா பார்க்க நன்றாக இருக்கிறது. ஒன்று வாங்கக் கூடாதா?

ஐந்துக்குள் வேண்டாம். மங்கல காரியத்துக்குக் கருப்பில் போனால் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள்; கார்த்திகை, மார்கழியில் அணிந்தால் மாலை போட்டிருக்கிறீர்களா என்று கேட்பார்கள். ஆண்டில் பாதி நாள் வெளியே எடுக்க முடியாத உடை சிறிய அலமாரிக்குச் சுமை. கருநீலத்திலும் மிக அடர்ந்ததை எடுக்காதீர்கள். மண்டப விளக்கில் அது கருப்பாகவே தெரியும், நீலம்தான் என்று ஒவ்வொரு அத்தையிடமும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க நேரும். பாட்டில் பச்சைக்கும் இதே கதி.

துக்க வீட்டுக்கு எந்த நிறம்?

வெள்ளை. பூவேலையோ பளபளப்பான பொத்தானோ இல்லாத வெள்ளை என்று முதலில் சொன்னதற்கு இதுவே காரணம். அது துவைப்பில் இருந்தால் பாசிப்பச்சையில் போகலாம். பதினாறாம் நாள் காரியத்துக்கும் இதுவே பொருந்தும்.

குடும்பத்தோடு ஒரே நிறத்தில் உடுத்த வேண்டும் என்று மனைவி சொல்கிறார். ஒவ்வொரு விசேஷத்துக்கும் ஒரு புதுக் குர்தா வாங்க முடியுமா?

வாங்க வேண்டியதில்லை. சேலையின் உடல் நிறத்தோடு குர்தாவைப் பொருத்தப் பார்த்தால் அது ஒருபோதும் ஒட்டாது. ஒரே சாயம்கூடப் பட்டில் மினுங்கலாகவும் பருத்தியில் மங்கலாகவும் தெரியும். கரையைப் பாருங்கள். நம் கல்யாணச் சேலைகளில் அரக்குக் கரையும் ஜரிகைக் கரையும் அடிக்கடி வருவன. மயில்கழுத்து நிறச் சேலைக்கு அரக்குக் கரை இருந்தால் உங்களிடம் இருக்கும் அரக்குக் குர்தாவே போதும். மாம்பழ மஞ்சள் சேலைக்குப் பச்சைக் கரை இருந்தால் பாசிப்பச்சை பக்கத்தில் நிற்கும். எதுவும் சேராவிட்டால் ஜரிகையோடு சந்தனம் சேரும். புதிதாக எடுத்தே தீர வேண்டும் என்றால் சேலையையே கடைக்கு எடுத்துப் போங்கள். கைபேசியில் எடுத்த படத்தை நம்பி எடுத்த நிறம் வீட்டுக்கு வந்ததும் வேறாக இருக்கும்.

வேட்டிக் கரையைப் பற்றி ஏன் சிலர் எச்சரிக்கிறார்கள்?

கட்சிக் கரைதான் காரணம். சில நிறச் சேர்க்கைகளைக் கரையில் பார்த்ததுமே நம் ஊரில் கட்சியைச் சொல்லிவிடுவார்கள். அலுவலகத்துக்கும் பொது விசேஷத்துக்கும் மெல்லிய ஜரிகைக் கரையோ, குர்தாவின் நிறத்தில் ஒற்றைக் கோடோ உள்ள வேட்டி போதும்.

அரசு அலுவலகத்தில் குர்தா அணியலாமா?

2019-ல் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு அரசு வெளியிட்ட உடை அறிவுறுத்தலில், ஆண்கள் சட்டையோடு பேண்ட்டோ, தமிழ்ப் பண்பாட்டைக் காட்டும் வேட்டியோ, வேறு இந்திய மரபு உடையோ அணியலாம் என்று இருந்தது. மாவட்ட அலுவலகங்களில் மேலதிகாரியின் விருப்பம்தான் பெரும்பாலும் நடைமுறை. முதல் நாள் வெள்ளையில் போங்கள்; பேச்சு எழவில்லை என்றால் கருநீலத்தைக் கொண்டுவாருங்கள். அரக்கையும் சந்தனத்தையும் அலுவலகத்துக்கு அணிந்தால் விசேஷ வீட்டிலிருந்து நேரே வந்தவர் போலத் தோன்றும், விசேஷத்துக்கு அணியும்போது அவற்றுக்கு இருந்த புதுமையும் போய்விடும்.

ராமேஸ்வரத்தில் தீர்த்தமாடும் நாளில் என்ன நிறம்?

நல்ல குர்தா எதுவும் வேண்டாம். இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் நனைந்து வரும்போது வெள்ளை உடலோடு ஒட்டி உள்ளே இருப்பதைக் காட்டும். அரக்கு சாயம் விட்டு வேட்டியைக் கெடுக்கும். பழைய அடர்நிறச் சட்டையில் நீராடிவிட்டு, தரிசனத்துக்கு மாற்றிக்கொள்ள உலர்ந்த வெள்ளையைப் பையில் வைத்திருங்கள். தேவிபட்டினத்தில் நவபாஷாணத்துக்குக் கடலில் இறங்குவோருக்கும் இது பொருந்தும்.

சாயம் போகுமா, நிறம் சரியானதா என்று கடையிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?

வெள்ளைக் கைக்குட்டையின் ஒரு முனையை நனைத்து, குர்தாவின் உள் தையல் ஓரத்தில் பத்துப் பன்னிரண்டு முறை அழுத்தித் தேயுங்கள். கைக்குட்டையில் லேசான சாயல் படிந்தால் முதல் இரண்டு மூன்று துவைப்பைத் தனியாக வைத்துக்கொள்ளலாம். அடர்த்தியாக ஏறினால் வாங்காதீர்கள், வியர்வையில் அது உங்கள் பனியனிலும் பேண்ட் இடுப்பிலும் இறங்கும். அரக்கிலும் கருநீலத்திலும் இந்தச் சோதனையைத் தவறவிடக் கூடாது.

நிறத்தைக் கடை விளக்கில் முடிவு செய்யாதீர்கள். வாசல் வரை கொண்டுவந்து, பகல் வெளிச்சத்தில், கழுத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். மாநிறத்தாரும் கருத்த நிறத்தாரும் வெளிர் நிறங்களைத்தான் அணிய வேண்டும் என்ற பேச்சுக்கு நான் உடன்படுவதில்லை. சாம்பல் கலந்து மங்கிய வெளிர் நிறங்கள்தான் அவர்கள் முகத்தில் தூசி படிந்தாற்போல் காட்டும். தெளிவான வெள்ளையும் அரக்கும் பாசிப்பச்சையும் முகத்தை எடுத்துக் காட்டும்.

மஞ்சள் கறை பட்டால் என்ன செய்வது? சோப்புப் போட்டதும் சிவந்துவிட்டது.

மஞ்சள் காரத்தில் சிவக்கும். சோப்பு காரம் என்பதால் அப்படி ஆனது, பயப்பட வேண்டாம். அலசியதும் மீண்டும் மஞ்சளாகும். எஞ்சிய மஞ்சளை வெயில் எடுத்துவிடும். வெள்ளைக் குர்தாவை ஈரத்தோடு நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள் காயவிடுங்கள். நிறக் குர்தாவில் இந்த வைத்தியம் கூடாது, கறையோடு சேர்ந்து குர்தாவின் நிறமும் வெளுக்கும். அக்குளில் ஏறும் பழுப்பு வேறு வகை. அதற்குக் குளோரின் கலந்த வெளுப்பான் ஊற்றினால் பல சமயம் பழுப்பு கூடவே செய்யும்.

மழைக்காலத்தில் சந்தனக் குர்தாவில் கரும்புள்ளி விழுந்துவிட்டது. எப்படித் தவிர்ப்பது?

அது பூஞ்சை, ஈரக்காற்றும் கஞ்சியும் சேர்ந்தால் வரும். ஐப்பசி, கார்த்திகைக்கு உள்ளே வைக்கும் குர்தாவுக்குக் கஞ்சி போடாமல், முழுக்கக் காய்ந்ததும் தேய்த்து, பிளாஸ்டிக் உறையில் அல்லாமல் பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். வெயில் அடிக்கும் நாளில் அலமாரிக் கதவைத் திறந்து வைத்தால் போதும். கஞ்சி போடுவதை அணிவதற்கு முந்திய நாளுக்கு விட்டுவிடுங்கள்.